மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல இருந்து கிளினிக்கல் ரிசர்ச்சுக்கு: ப்ரொஃபைல் சம்மரி எழுதறது எப்படி, முழுமையான வழிகாட்டி

போன மாசம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி ஃபோன் பண்ணா. பி.பார்ம் முடிச்சிட்டு மதுரையில ஒரு மெடிக்கல் ஷாப்ல நாலு வருஷமா வேலை பாக்கறா, இப்போ கிளினிக்கல் ரிசர்ச் பக்கம் வரணும்னு ஆசை. "அக்கா, ஆறு மாசமா அப்ளை பண்றேன், ஒரு கால்கூட வரல, ப்ரொஃபைல கொஞ்சம் பாருங்களேன்"னா. அனுப்பச் சொன்னேன். அதுல இருந்தது இதுதான்:

"சவாலான பணியை எதிர்நோக்கும், கடின உழைப்பும் குழு மனப்பான்மையும் கொண்ட பார்மசிஸ்ட். நான்கு வருட ரீடெயில் அனுபவம். தினமும் 200 பில், சிறந்த கஸ்டமர் சர்வீஸ், சேல்ஸ் டார்கெட்டை எட்டியவர். கிளினிக்கல் ரிசர்ச் துறையில் வளர விரும்புகிறேன்."

இதுல பொய் ஒண்ணுமே இல்ல. ஆனா ஒரு ஹாஸ்பிடல்ல ட்ரயல் நடத்தற டீம் இத படிச்சா அவங்களுக்குத் தெரியறது ஒரே விஷயம்தான், இந்தப் பொண்ணு நல்லா வியாபாரம் பண்ணுவா. அவங்க தேடற ஆள் வேற. நான் கடையில அஞ்சு வருஷம் நின்னுட்டு இப்போ ஒரு ஹாஸ்பிடல்ல கோஆர்டினேட்டரா இருக்கேன், அதனால இந்த இடம் எனக்கு நல்லா தெரியும். ட்ரயல்ல மருந்து குடுக்கறது பாதி வேலை, அத குடுத்தோம்னு எழுதி வைக்கறது மீதி பாதி. எழுதி வைக்காதது நடக்கவே இல்லன்னுதான் அங்க கணக்கு. கடையில நாம தினம் எத்தனையோ எழுதறோம், ஆனா ப்ரொஃபைல்ல அந்த எழுத்து வேலைய மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் போடறோம். அவளோட உக்காந்து இத எப்படி மாத்தினோம்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல எந்த வேலைன்னு முடிவு பண்ணுங்க

"கிளினிக்கல் ரிசர்ச்"ங்கறது ஒரு வேலை பேர் இல்ல, அதுக்குள்ள நாலஞ்சு வேலை இருக்கு. கவுண்டர்ல இருந்து வர்றவங்களுக்கு நிஜமா திறக்கற கதவு மூணு. ஒண்ணு ஹாஸ்பிடல்ல ஸ்டடி கோஆர்டினேட்டர், அதாவது பேஷண்ட் விசிட், கன்சென்ட் ஃபார்ம், சோர்ஸ் டாக்குமென்ட், டேட்டா என்ட்ரி, எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பற பேப்பர் எல்லாம் பாக்கறவங்க. ரெண்டாவது ட்ரயல் பார்மசிஸ்ட், ஆய்வு மருந்த வாங்கி வச்சு, குடுத்து, திரும்ப வாங்கி எண்ணிக் கணக்கு வைக்கறவங்க. மூணாவது டிரக் சேஃப்டி அசோசியேட், இவங்க ஆபீஸ்ல உக்காந்து பக்க விளைவு கேஸ்கள சிஸ்டத்துல ஏத்தறவங்க. சைட் சைட்டா போய் மானிட்டர் பண்ற சிஆர்ஏ வேலைக்கு நேரா போகணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா அதுக்கு பெரும்பாலும் சைட் அனுபவம் கேப்பாங்க, அதனால முதல் குறியா அத வைக்காதீங்க.

மூணுக்கும் ஒரே சம்மரி சரிப்படாது. கோஆர்டினேட்டர் வேலைக்கு பேஷண்ட்கிட்ட பேசறதும் பதிவு வைக்கறதும் முன்னால வரணும், ட்ரயல் பார்மசிஸ்டுக்கு ஸ்டாக்கும் ஃப்ரிட்ஜும், சேஃப்டி வேலைக்கு பக்க விளைவ கண்டுபிடிச்ச அனுபவம். இவ முதல் ரெண்டையும் குறி வச்சா, ஏன்னா மதுரையிலயே இருக்கணும், வீட்ல அம்மாவ பாத்துக்கணும்.

அப்போ நான் அவள பாக்கச் சொன்னது ctri.nic.in. இது இந்தியாவுல நடக்கற ட்ரயல்கள பதிவு பண்ற அரசாங்கத் தளம், 2009 ஜூன் 15ல இருந்து பதிவு கட்டாயம். ஒவ்வொரு ட்ரயலோட பக்கத்துலயும் எந்த நோய், எந்த ஹாஸ்பிடல், எந்த டாக்டர் பொறுப்புன்னு போட்டிருக்கும், யாரு வேணாலும் பாக்கலாம். வேலை விளம்பரத்துக்காக காத்திருக்கறதுக்கு பதிலா உங்க ஊர்ல எந்த ஹாஸ்பிடல்ல ட்ரயல் நடக்குது, சுகரா, ஹார்ட்டா, கேன்சரான்னு ஒரு சாயங்காலம் உக்காந்து எழுதுங்க. இவ பாத்த லிஸ்ட்ல சுகர் சம்பந்தமான ட்ரயல் கண்ணுல பட்டுச்சு, இவளோ நாலு வருஷமா இன்சுலின் வச்சு குடுத்தவ. அப்போ சம்மரியில எத முன்னால வைக்கறதுங்கற கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிருச்சு.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி மூணு நாள் நோட்டு போடுங்க

இந்த ஸ்டெப்ப தாண்டாதீங்க, இதுதான் முழு வேலையே. ஒரு நோட்டுல மூணு கட்டம் போட்டுக்கங்க. இன்னிக்கு என்ன செஞ்சேன், அத எங்க எழுதினேன், யாராவது கேட்டா எத காட்டுவேன். மூணாவது கட்டம் காலியா இருந்தா அந்த வேலை சம்மரிக்கு வராது, அவ்ளோதான் ரூல்.

இவளோட நோட்டுல முதல் நாள் 14 வரி இருந்துச்சு. பில் போட்டது, ரேக் அடுக்கினது, டாக்டர் கையெழுத்து புரியாம கிளினிக்குக்கு ஃபோன் பண்ணது, ஒரு தாத்தாவுக்கு இன்ஹேலர் இழுக்கச் சொல்லிக் குடுத்ததுன்னு எல்லாம். மூணாவது கட்டம் நிரம்பினது நாலே வரிக்குத்தான். ஹெச்1 ரிஜிஸ்டர், ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் சார்ட், எக்ஸ்பைரி ரிடர்ன் லிஸ்ட், அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர்ல இருக்கற பேஷண்ட்டோட பழைய பில். "நாலுதானாக்கா"ன்னு முகம் வாடிப்போச்சு. நாலே போதும், ஒரு சம்மரியில அதுக்கு மேல நிக்க இடமும் இல்ல.

ஹெச்1 ரிஜிஸ்டர ட்ரயல் பாஷையில எப்படி சொல்றது

கடைக்காரங்களுக்கு இது தெரிஞ்சதுதான், இருந்தாலும் ஒருதரம் சொல்றேன். ஷெட்யூல் ஹெச்1 2014 மார்ச் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. செஃபிக்சைம், அல்பிரசோலம், டிபி மருந்துகள் மாதிரி லிஸ்ட்ல இருக்கறத குடுத்தா தனி ரிஜிஸ்டர்ல டாக்டர் பேரு அட்ரஸ், பேஷண்ட் பேரு, மருந்து பேரு, எவ்வளவு குடுத்தோம்னு எழுதணும், மூணு வருஷம் அந்த ரிஜிஸ்டர வச்சிருக்கணும், டிரக் இன்ஸ்பெக்டர் எப்ப வந்து கேட்டாலும் காட்டணும்.

இப்போ ட்ரயல் பக்கம் வாங்க. அங்க ஒவ்வொரு மருந்து பாக்கெட்டுக்கும் அக்கவுண்டபிலிட்டி லாக்னு ஒண்ணு இருக்கும். எந்த பேட்ச், எந்த கிட் நம்பர், எந்த சப்ஜெக்ட்டுக்கு, எந்த தேதி, எத்தனை மாத்திரை, யார் குடுத்தாங்க, எத்தனை திரும்ப வந்துச்சு, கையெழுத்து. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குடுக்கும்போதே எழுதணும், எழுதினது யார்னு தெரியணும், வெளியாள் வந்து சரிபார்ப்பாங்க. இந்த மூணும் பழக்கப்பட்ட ஆள்னு உங்க சம்மரி சொல்லணும், அதுக்கு "ஹெச்1 ரிஜிஸ்டர் மெயின்டெய்ன் பண்ணேன்"னு மட்டும் எழுதினா பத்தாது, படிக்கறவங்க ரீடெயில்ல இருந்து வந்தவங்களா இல்லன்னா அந்தப் பேரே அவங்களுக்கு பிடிபடாது. ரிஜிஸ்டர்ல என்ன இருந்துச்சு, ஒரு நாளைக்கு எத்தனை என்ட்ரி, யார் இன்ஸ்பெக்ட் பண்ணாங்கன்னு அரை வரியில சொல்லணும்.

இங்க ஒரு இடத்துல அவ மாட்டினா, அது எல்லாருக்கும் பொருந்தும்ங்கறதால சொல்றேன். "ரிஜிஸ்டர்ல தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவ"ன்னு கேட்டேன். "ஒயிட்னர் போட்டு மேல எழுதுவேன்க்கா, நீட்டா இருக்கும்"னா. ட்ரயல்ல அது பெரிய தப்பு. பழைய எழுத்து படிக்கற மாதிரி ஒரே கோடு அடிச்சு, பக்கத்துல சரியானத எழுதி, இனிஷியலும் தேதியும் போடணும், மறைக்கவே கூடாது. மறைச்சா எதுக்கு மறைச்சாங்கன்னுதான் ஆடிட்டர் கேப்பார். அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து கடையிலயே அப்படி செய்ய ஆரம்பிச்சா. ரெண்டு மாசம் பழகின பிறகு சம்மரியில அந்த வரிய சேர்க்கலாம்னு சொன்னேன், அன்னிக்கே சேர்க்க விடல.

வித்தியாசத்தையும் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா இன்டர்வியூல தடுமாறுவீங்க. கடையில மருந்து வெளிய போனா கணக்கு முடிஞ்சுது. ட்ரயல்ல அது திரும்பி வரும், காலி ஸ்ட்ரிப்போட சேர்த்து. 30 நாளைக்கு தினம் ஒண்ணுன்னு சொல்லி 35 மாத்திரை குடுத்தோம், அவர் 8 திருப்பிக் கொண்டு வர்றார்னு வைங்க. சாப்பிட்டது 27, சாப்பிட வேண்டியது 30, அப்போ 90 சதவீதம். மீதி மூணு நாள் ஏன் விட்டுப்போச்சுன்னு கேட்டு அதையும் எழுதணும். இந்தக் கணக்க நீங்க கடையில போட்டதில்ல, அதனால "டிரக் அக்கவுண்டபிலிட்டி அனுபவம் உண்டு"ன்னு எழுதாதீங்க. "பேட்ச் வாரியா ஸ்டாக் சரிபார்த்த அனுபவம்"னு எழுதுங்க, அது உண்மை, அதுவே போதும்.

ஃப்ரிட்ஜ்: கடையில யாருமே எழுதாத, ஆனா நல்லா எடுபடற வரி

இவ கடையில இன்சுலினுக்கு தனி ஃப்ரிட்ஜ், காலையில திறக்கும்போதும் ராத்திரி மூடும்போதும் தெர்மாமீட்டர் பாத்து சார்ட்ல எழுதுவா, 2ல இருந்து 8 டிகிரி. ஓனர் சொல்லி ஆரம்பிச்சது இல்ல, இவளே ஆரம்பிச்சது. இத ப்ரொஃபைல்ல போடவே இல்ல. "அது என்னக்கா பெரிய விஷயம், ஃப்ரிட்ஜ் பாக்கறதுதானே"ன்னா.

நோண்டிக் கேட்டா ஒரு சம்பவம் வெளிய வந்துச்சு. போன வருஷம் மே மாசம் ஒரு மதியம் மூணு மணி நேரம் கரண்ட் இல்ல, இன்வெர்ட்டர்ல ஃப்ரிட்ஜ் கனெக்ஷன் கிடையாது, தெர்மாமீட்டர் 11 காட்டுது. கடைப் பையன் "இன்சுலின் வெளிய வச்சே ஒரு மாசம் யூஸ் பண்றாங்க, இதுல என்ன இருக்கு, குடுத்துரலாம்"னான். அவன் சொல்றதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, யூஸ் பண்ண ஆரம்பிச்ச இன்சுலின் ரூம் டெம்பரேச்சர்ல பெரும்பாலும் 28 நாள் வரைக்கும் தாங்கும். ஆனா இவ அத தனியா ஒரு டப்பாவுல போட்டு "விக்கக் கூடாது"ன்னு சீட்டு ஒட்டி, கரண்ட் போன நேரம் வந்த நேரம், பாத்த டெம்பரேச்சர், பேட்ச் நம்பர் எழுதி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஃபோன் பண்ணி பதில் வந்த பிறகுதான் எடுத்தா.

நான் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ட்ரயல்ல டெம்பரேச்சர் எக்ஸ்கர்ஷன் வந்தா செய்ய வேண்டியது இதேதான். மருந்த தனியா ஒதுக்கு, எவ்வளவு நேரம் எவ்வளவு டிகிரின்னு எழுது, ட்ரயல நடத்தச் சொன்ன கம்பெனி, அதாவது ஸ்பான்சருக்கு சொல்லு, அவங்க எழுத்துல பதில் சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே, நல்லாத்தான் இருக்கும்னு நீயா முடிவு பண்ணாதே. யாரும் சொல்லிக் குடுக்காம ஒரு பொண்ணு இத செஞ்சிருக்கா, செஞ்சத ப்ரொஃபைல்ல போடல. இந்த மாதிரி ஒரு சம்பவம் உங்ககிட்டயும் இருக்கும், ஸ்டாக் இடிச்ச நாளா இருக்கலாம், எக்ஸ்பைரி பேட்ச் கஸ்டமர் கைக்குப் போறதுக்கு முன்னாடி பிடிச்ச நாளா இருக்கலாம். தேடி எடுங்க.

பக்க விளைவு: இங்கதான் நிறைய பேர் மிகைப்படுத்தி மாட்டிக்கறாங்க

அவளோட நாலாவது வரி இது. ஒரு 55 வயசு அம்மா, ஆறு வாரத்துல மூணாவது தடவை இருமல் சிரப் வாங்க வந்தாங்க. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, வறட்டு இருமல், ராத்திரியில ஜாஸ்தி. இவ சிரப்ப எடுக்காம பழைய பில்ல திறந்து பாத்தா, ரெண்டு மாசம் முன்னாடி பிபிக்கு எனாலாப்ரில் புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. அந்த வகை மாத்திரைகள்ல உடம்புக்குள்ள பிராடிகைனின் சேர்ந்து சிலருக்கு வறட்டு இருமல் வர்றது நாம படிச்சதுதான். மாத்திரைய நிறுத்துங்கன்னு சொல்லல, அது நம்ம வேலை இல்ல. ஒரு சீட்டுல தேதிகள எழுதிக் குடுத்து டாக்டர பாக்கச் சொன்னா. டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாத்தினார், அடுத்த மாசம் அந்த அம்மா வந்து இருமல் நின்னுருச்சுன்னு சொன்னாங்க.

இத அவ ரெண்டாவது டிராஃப்ட்ல "ஏடிஆர் மானிட்டரிங் அண்ட் ரிப்போர்ட்டிங்"னு எழுதினா. நான் அடிச்சுட்டேன். நானும் என் முதல் ப்ரொஃபைல்ல இதே வார்த்தைய போட்டு, ஒரு இன்டர்வியூல "எத்தனை ஃபார்ம் சப்மிட் பண்ணியிருக்கீங்க"ன்னு கேட்டு, ஒண்ணும் இல்லன்னு சொல்லி, அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் அவங்க நம்பல. அந்த ரூம்ல இருந்து வெளிய வந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

ரிப்போர்ட்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. நம்ம நாட்டு பார்மகோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு, காசியாபாத்துல இருக்கற இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்தறது, அதுக்கு சந்தேகப் பக்க விளைவு ஃபார்ம் அனுப்பறதுதான் ரிப்போர்ட். பார்மசிஸ்டும் அனுப்பலாம், 1800-180-3024ல கூப்பிட்டும் சொல்லலாம். ஒரு கேஸ் கணக்குல வர குறைஞ்சது நாலு விஷயம் வேணும்: பேஷண்ட் யார்னு ஒரு அடையாளம், இனிஷியல் மாதிரி, என்ன ஆச்சு, எந்த மருந்து மேல சந்தேகம், யார் சொல்றாங்க. இவகிட்ட அந்த நாலும் இருந்துச்சு, ஆனா அனுப்பல. அதனால சம்மரியில "கண்டறிந்து மருத்துவருக்குத் தெரிவித்தேன்"னு மட்டும்தான் வரலாம். அடுத்த தடவை வந்தா அனுப்பு, அனுப்பின பிறகு அந்த வார்த்தைய போடுன்னு சொன்னேன். அப்புறம் இன்னொண்ணு, பேஷண்ட் பேரு, டாக்டர் பேரு, ஏரியா எதுவுமே ப்ரொஃபைல்ல வரக் கூடாது. அது வந்தாலே ரகசியம் காக்கத் தெரியாத ஆள்னு ஒதுக்கிருவாங்க, நியாயமும் அதுதான்.

ஜிசிபி சர்டிஃபிகேட்ட எப்படி போடறது

குட் கிளினிக்கல் பிராக்டிஸ் கோர்ஸ் ஒண்ணு இல்லாம அப்ளை பண்ணாதீங்க. ஆன்லைன்ல இலவசமாவே இருக்கு, அமெரிக்காவோட போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமான நைடா நடத்தறது ஒண்ணு, குளோபல் ஹெல்த் நெட்வொர்க் நடத்தறது ஒண்ணு, ரெண்டு மூணு சாயங்காலத்துல முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிரலாம். பெரிய ஃபீஸ் கட்டி ஆறு மாச டிப்ளமோ சேர்றத விட முதல்ல இத முடிங்க, அப்புறம் தேவைப்பட்டா அத யோசிக்கலாம். சம்மரியில கோர்ஸ் பேரு, மாசம், வருஷம் போடுங்க. 2025 ஜனவரியில ஜிசிபி வழிமுறைக்கு ஈ6 ஆர்3ங்கற புது வெர்ஷன் வந்துச்சு, நீங்க படிச்சது பழைய ஆர்2வா புதுசான்னு பாத்து அப்படியே எழுதுங்க. "கிளினிக்கல் ட்ரயல்ல சர்டிஃபைடு"ன்னு எழுதினா ட்ரயல் பண்ணவங்க மாதிரி அர்த்தம் வரும், கோர்ஸ் முடிச்சேன்னு நேரா எழுதுங்க. கூடவே இந்தியாவோட புது மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகள் 2019 இருக்கு, அதுல சீரியஸ் பக்க விளைவு நடந்தா இன்வெஸ்டிகேட்டர் 24 மணி நேரத்துக்குள்ள அரசுக்கும் ஸ்பான்சருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் சொல்லணும்ங்கற பகுதிய மட்டுமாவது படிச்சிருங்க, ஃபோன்லயே கேப்பாங்க.

இப்போ சம்மரி

நாலு வாக்கியம் போதும், வரிசை முக்கியம். முதல் வாக்கியத்துல நீங்க யாரு, ரிஜிஸ்ட்ரேஷன், எத்தனை வருஷம். ரெண்டாவதுல என்ன பதிவு வச்சீங்க, எவ்வளவு, யார் சரிபார்த்தாங்க. மூணாவதுல ஒரே ஒரு சம்பவம். நாலாவதுல என்ன படிச்சீங்க, என்ன வேலை வேணும். "ஆர்வமுள்ள", "திறமையான" மாதிரி உங்கள நீங்களே சொல்லிக்கற வார்த்தை ஒண்ணுகூட வேண்டாம். அவளோடது கடைசியா இப்படி வந்துச்சு. போடறப்போ இங்கிலீஷ்லதான் போடணும், நீங்க புரிஞ்சுக்கறதுக்காக தமிழ்ல தர்றேன், ஜிசிபி கோர்ஸ் பேரு, மாசம், வருஷம் மட்டும் இங்க விட்டிருக்கேன்:

"தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்ற பி.பார்ம் பார்மசிஸ்ட், மதுரையில் ரீடெயில் பார்மசியில் 4 வருட முழுநேரப் பணி. ஷெட்யூல் ஹெச்1 மருந்துகளுக்கு மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றை வழங்கும்போதே பதிந்த ரிஜிஸ்டர் (தினம் சுமார் 20 பதிவுகள், டிரக் இன்ஸ்பெக்டரால் ஆய்வு செய்யப்பட்டது), பேட்ச் வாரியான ஸ்டாக் சரிபார்ப்பு, இன்சுலினுக்கு தினம் இருமுறை 2–8 டிகிரி வெப்பநிலைப் பதிவு. மின்தடையால் வெப்பநிலை 11 டிகிரிக்கு உயர்ந்தபோது ஸ்டாக்கைத் தனியே ஒதுக்கி, நேரமும் பேட்ச் எண்களும் பதிந்து, டிஸ்ட்ரிபியூட்டர் பதில் வரும்வரை விற்பனையை நிறுத்தி வைத்தேன். ஜிசிபி பயிற்சி முடித்து, மதுரையில் ஸ்டடி கோஆர்டினேட்டர் அல்லது ட்ரயல் பார்மசிஸ்ட் பணி தேடுகிறேன்."

எனாலாப்ரில் கதை இதுல இல்ல, கவனிச்சீங்களா. அவளுக்கு அத விட மனசே வரல. ஆனா இந்த ரெண்டு வேலைக்கும் ஃப்ரிட்ஜ் கதைதான் நேரா பொருந்துது, ரெண்டையும் போட்டா ரெண்டும் பாதியா நிக்கும். டிரக் சேஃப்டி வேலைக்கு அனுப்பற காப்பியில ஃப்ரிட்ஜ எடுத்துட்டு இருமல வச்சோம். சேல்ஸ் டார்கெட், 200 பில் ரெண்டும் எல்லா காப்பியில இருந்தும் போயாச்சு.

லிங்க்ட்இன்ல ஹெட்லைனுக்கு 220 எழுத்து, அபவுட் பகுதிக்கு 2600 எழுத்து வரைக்கும் இடம் தர்றாங்க, ஆனா அபவுட்ல முதல் சில வரிதான் கிளிக் பண்ணாம தெரியும், அதனால மேல இருக்கற முதல் ரெண்டு வாக்கியமும் அங்கயே வரணும், "வணக்கம், நான்"னு ஆரம்பிச்சு இடத்த வீணாக்காதீங்க. ஹெட்லைன்ல தேடற வேலையோட பேரு கட்டாயம் இருக்கணும், ரெக்ரூட்டர் அந்தப் பேர டைப் பண்ணித்தான் தேடறாங்க. "ரெஜிஸ்டர்டு பார்மசிஸ்ட், ஜிசிபி பயிற்சி பெற்றவர், கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் பணி தேடுபவர்"னு நேரா போடலாம். பணி தேடுபவர்ங்கற வார்த்தைய விட்டுட்டா நீங்க ஏற்கனவே கோஆர்டினேட்டர்னு ஆயிரும், அது பொய்.

பதவி பேர மாத்தாதீங்க

இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். கடையில பார்மசிஸ்டா இருந்துட்டு "கிளினிக்கல் பார்மசிஸ்ட்"னு போடற பழக்கம் பரவலா இருக்கு. வேலை கிடைச்ச பிறகு வெரிஃபிகேஷன்ல கடைக்கு ஃபோன் போகும், ஓனர் "ஆமா, நம்ம கடையில மருந்து குடுத்துட்டு இருந்துச்சு"ன்னு சொல்லுவார், ஆஃபர் அங்கயே நின்னுரும். அதவிட மோசமான ஒண்ணு இருக்கு, சர்டிஃபிகேட்ட ஒரு கடையில மாட்டிட்டு வேற கடையில வேலை பாத்தவங்க. கடை லைசென்ஸ்ல பார்மசிஸ்ட்னு உங்க பேரு ஒரு இடத்துல இருக்கும், அனுபவக் கடிதம் வேற இடத்துல இருந்து வரும், ரெண்டும் ஒரே தேதியில. பதிவுகளோட நேர்மைய நம்பி நடக்கற தொழில்ல நுழையற வாசல்லயே இது தெரிஞ்சா அதுக்கு மேல பேச்சே இருக்காது. அப்படி இருந்தா முதல்ல கடை லைசென்ஸ்ல இருந்து பேர எடுத்து முறைப்படுத்துங்க, எந்த கடையில நிஜமா நின்னீங்களோ அந்த கடையில கடிதம் வாங்குங்க. கடிதத்துல சேர்ந்த தேதி, விலகின தேதி, பார்மசிஸ்ட்ங்கற பதவி, கடையோட லைசென்ஸ் நம்பர் இருக்கணும். சம்மரியில இருக்கற வருஷமும் கடிதத்துல இருக்கற வருஷமும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

போட்டு ரெண்டு வாரம் கழிச்சு என்ன பாக்கணும்

வர்ற கால்களே ப்ரொஃபைல் எப்படி படிக்கப்படுதுன்னு சொல்லிரும். மருந்து கம்பெனி ரெப் வேலைக்கு கால் வந்தா எங்கயோ சேல்ஸ் வாசனை மிச்சம் இருக்கு, ஸ்கில்ஸ் பகுதியில தேடி எடுங்க. ஹாஸ்பிடல் பார்மசி கவுண்டருக்கே கூப்பிட்டா ஹெட்லைன்ல வேலை பேரு முன்னால இல்லன்னு அர்த்தம். பணம் கட்டி கோர்ஸ் சேருங்க, வேலை உறுதின்னு இன்ஸ்டிட்யூட்கள் மட்டும் கூப்பிட்டா "வளர விரும்புகிறேன்", "ஃபிரெஷர்" மாதிரி வார்த்தை இருக்கான்னு பாருங்க, அத வச்சுத்தான் ஆள் பிடிக்கறாங்க. கால் வந்து முதல் ரவுண்ட்லயே முடிஞ்சா சம்மரியில சொன்ன ஏதோ ஒண்ணுக்கு நீங்க பதில் சொல்லல, ஃபோன வச்ச உடனே எந்த கேள்வின்னு எழுதி வைங்க, அந்த வரிய திருத்துங்க இல்ல எடுத்துருங்க. கால் எதுவுமே வரலன்னா வேலை தளத்த மட்டும் நம்பாம சிடிஆர்ஐல எடுத்த ஹாஸ்பிடல் லிஸ்ட்ட வச்சு அங்க இருக்கற ரிசர்ச் டிபார்ட்மென்ட்டுக்கு நேரா போய் இந்த நாலு வாக்கியத்த ஒரு பேப்பர்ல குடுங்க. சின்ன சைட்டுகள்ல விளம்பரம் போடாமலே ஆள் எடுக்கறது நிறைய நடக்கும்.

இவ அப்படித்தான் போய் குடுத்துட்டு வந்தா, ஒன்பதாவது நாள் கால் வந்துச்சு. நேத்து ராத்திரி ஃபோன்ல மூச்சு விடாம சொன்னா, முதல் கேள்வியே ஃப்ரிட்ஜ் பத்தித்தானாம், "11 டிகிரி எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு எப்படி தெரியும்"னு. கரண்ட் வந்தப்போ பாத்தது மட்டும்தான் தெரியும், நடுவுல எவ்வளவு போச்சுன்னு தெரியாது, எங்க தெர்மாமீட்டர்ல மினிமம் மேக்ஸிமம் ரீடிங் கிடையாதுன்னு உள்ளத சொல்லியிருக்கா. திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க, சார்ட்டோட ஒரு காப்பியும் கேட்டிருக்காங்க, ஓனர்கிட்ட பர்மிஷன் கேட்டு எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருக்கேன்.